இரண்டு இயல்நிலை மாறிகளின் கூட்டல்: எந்த நிரூபணத்தைக் கையில் எடுப்பது?

X, Y என்று இரண்டு சமவாய்ப்பு மாறிகள். இரண்டும் இயல்நிலைப் பரவல் கொண்டவை, ஒன்றையொன்று சாராதவை. அப்படியானால் Z = X + Y என்ற கூட்டுத்தொகையும் இயல்நிலைதான். சராசரிகள் கூடும், பரவற்படிகளும் கூடும். புள்ளியியல் கொஞ்சம் படித்த யாருக்கும் இந்த முடிவு தெரியும். ஏன் என்று கேட்டால்தான் பெரும்பாலோர் தயங்குவார்கள்.

இதை நிரூபிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. அடர்த்திச் சார்புகளை நேரடியாகச் சேர்க்கும் கன்வல்யூஷன் ஒன்று. சிறப்பியல்புச் சார்புகளைப் பெருக்குவது இன்னொன்று. தளத்தைச் சுழற்றிப் பார்க்கும் வடிவியல் வழி மூன்றாவது. வகுப்பில் சொல்லிக்கொடுக்கவோ, தானே ஒருமுறை புரிந்துகொள்ளவோ இவற்றில் எதை எடுப்பது? என் தேர்வு கன்வல்யூஷன்தான். ஆனால் பாடநூல்களில் அது செய்யப்படும் விதத்தில் இல்லை. அந்த விதத்தில் செய்வதானால் மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் மேல்.

முதலில் கன்வல்யூஷன் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். Z-இன் மதிப்பு z ஆக வேண்டும். X என்ன மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் X = x என்று ஆகிவிட்டால் Y கட்டாயம் z − x ஆக வேண்டும். X-இன் அடர்த்தி f, Y-இன் அடர்த்தி g என்றால், இரண்டும் சாராதவை என்பதால் அந்த ஜோடியின் அடர்த்தி f(x) g(z − x) என்ற பெருக்கல்தான். சாராமை என்ற நிபந்தனை பயன்படுவது இந்த ஒரே இடத்தில். இப்படி z-ஐத் தரக்கூடிய எல்லா x-களுக்கும் சேர்த்துத் தொகையிட்டால் Z-இன் அடர்த்தி h கிடைக்கும்:

h(z) = ∫ f(x) g(z − x) dx

தொகையீடு −∞ முதல் ∞ வரை. இனி இதைக் கணக்கிட வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

பலர் எடுக்கும் பாதை, சராசரிகள் μ₁, μ₂, திட்ட விலக்கங்கள் σ₁, σ₂ எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அடுக்கை விரிப்பது. (x − μ₁)², (z − x − μ₂)² இரண்டையும் உடைத்து, x² உறுப்புகளை ஒரு பக்கம், x உறுப்புகளை ஒரு பக்கம், மீதியை ஒரு பக்கம் என்று ஒதுக்கி, வர்க்கப் பூர்த்தி செய்ய வேண்டும். முடிவு வரும். ஆனால் ஒரு பக்கம் நிறைய எழுதி முடித்த பிறகு, எல்லாம் ஏன் இவ்வளவு அழகாக வெட்டுப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. நான் முதன்முதலில் இப்படித்தான் செய்தேன். கடைசி வரியில் சரியான விடை வந்தபோது, விடை முன்பே தெரிந்திருந்ததால்தான் வந்தது என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

சராசரிகளை முதலிலேயே கழற்றிவிடலாம். X − μ₁, Y − μ₂ என்று எடுத்தால் இரண்டின் சராசரியும் 0. கடைசியில் μ₁ + μ₂-ஐச் சேர்த்துக்கொண்டால் வரைபடம் அப்படியே நகரும், வடிவம் மாறாது. இதைச் செய்ததும் பாதி உறுப்புகள் காணாமல் போய்விடும். X-இன் திட்ட விலக்கம் a, Y-இன் திட்ட விலக்கம் b என்றால் தொகையீட்டுக்குள் இருக்கும் அடுக்கு −q(x)/2. இதில்

q(x) = x²/a² + (z − x)²/b²

இனி விரிக்க வேண்டாம். q என்பது x-இல் ஒரு இருபடிக் கோவை, மேல்நோக்கித் திறந்த பரவளையம். எந்தப் பரவளையத்தையும் இரண்டு செய்திகளால் முழுதாகச் சொல்லிவிடலாம்: அடிப்புள்ளி எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு குறுகலாக மேலே ஏறுகிறது என்பது மற்றொன்று. வர்க்கப் பூர்த்தி என்பது இந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் வேலைதான்.

அடிப்புள்ளிக்கு வகைக்கெழுவைச் சுழியமாக்குவோம். x/a² = (z − x)/b² என்று வரும். s² = a² + b² என்று எழுதினால் x = a²z/s². அங்கே q-இன் மதிப்பு:

a²z²/s⁴ + b²z²/s⁴ = z²/s²

குறுகலை x²-இன் கெழு சொல்லும். அது 1/a² + 1/b², அதாவது s²/(a²b²). ஆக,

q(x) = z²/s² + (s²/(a²b²)) (x − a²z/s²)²

இந்த வரியில் கண்ணை நிறுத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. குறுகலைச் சொல்லும் கெழுவில் z இல்லை. z மாறும்போது பரவளையம் பக்கவாட்டில் நகர்கிறது, மேலே ஏறுகிறது. ஆனால் அதன் வடிவம் மாறுவதே இல்லை. எனவே x மீது தொகையிடும்போது எல்லா z-க்கும் ஒரே மாறிலிதான் கிடைக்கும். z-ஐச் சார்ந்து மிஞ்சுவது அடிப்புள்ளியின் உயரமான z²/s² மட்டும். அதனால் h(z) என்பது e^(−z²/(2s²)) என்பதன் மடங்கு. நிரூபணம் உண்மையில் இங்கேயே முடிந்துவிட்டது. மாறிலியைக் கண்டுபிடிக்கக்கூட வேண்டியதில்லை. மொத்தப் பரப்பு 1 ஆக வேண்டும் என்பதால் அது 1/(s√(2π)) ஆகத்தான் இருக்க முடியும்.

எண்களில் பார்ப்போம். a = 3, b = 4 என்றால் s² = 9 + 16 = 25, s = 5. அப்போது

x²/9 + (z − x)²/16 = z²/25 + (25/144)(x − 9z/25)²

சரிபார்க்க x = 0 போடலாம். இடப்பக்கம் z²/16, அதாவது 0.0625z². வலப்பக்கம் 0.04z² + 0.0225z². கூட்டினால் அதே 0.0625z². இந்தச் சிறிய சோதனையைத் தவிர்க்காமல் செய்வது நல்லது. ஏனென்றால் இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான் மாட்டும். விரித்து எழுதுபவர்கள் z²/b² என்ற உறுப்பில் x இல்லை என்று அதைத் தொகையீட்டுக்கு வெளியே எடுத்துவிடுவார்கள். பிறகு வர்க்கத்தைப் பூர்த்தி செய்யும்போது கழிக்க வேண்டிய z² உறுப்பை மறந்துவிடுவார்கள். விளைவு, கூட்டுத்தொகையின் பரவற்படி 16 என்று வரும். X-ஐச் சேர்த்தும் பரவல் கூடவே இல்லை என்று ஒரு விடை சொன்னால், எந்த வரியில் பிழை என்று தேடத் தொடங்கலாம்.

இன்னொரு தவறு கணக்கில் அல்ல, எண்ணத்தில் நேர்வது: திட்ட விலக்கங்களைக் கூட்டி 7 என்று எடுப்பது. Z, 10-ஐத் தாண்டும் நிகழ்தகவைக் கேட்டால், s = 5 எனில் அது இரண்டு திட்ட விலக்கத் தூரம்; விடை 0.0228. 7 என்று எடுத்தவருக்கு 0.0766 வரும், மூன்று மடங்குக்கும் மேல். சந்தேகம் இருந்தால் கணினியில் கன்வல்யூஷனையே செய்து பார்த்துவிடலாம்:

```python
import numpy as np
dx = 0.01
x = np.arange(-4000, 4001) * dx
f = np.exp(-x**2/18) / (3*np.sqrt(2*np.pi))
g = np.exp(-x**2/32) / (4*np.sqrt(2*np.pi))
h = np.convolve(f, g, mode="same") * dx
print(h[4000], h[5000])
```

முதல் எண் z = 0-இல் உள்ள அடர்த்தி, இரண்டாவது z = 10-இல் உள்ளது. தோராயமாக 0.0798, 0.0108 என்று வர வேண்டும். 7 சரியாக இருந்திருந்தால் உச்சி 0.0570-தான் இருக்கும். கடைசியில் `* dx` போட மறந்தால் 7.98 என்று வரும். `np.convolve` வெறுமனே பெருக்கிக் கூட்டுகிறது, தொகையிடவில்லை.

கன்வல்யூஷனை நான் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொகையிட்டு மறைத்துவிட்ட அந்த வர்க்கம் வீணான மிச்சம் இல்லை. Z = z என்று தெரிந்துவிட்ட பிறகு X எப்படிப் பரவியிருக்கும் என்பதை அது சொல்கிறது. நம் எண்களில், Z = 10 என்று யாரோ சொல்லிவிட்டால் X-இன் சராசரி 9 × 10/25 = 3.6; திட்ட விலக்கம் 12/5 = 2.4. Y-க்கு மீதி 6.4. பரவல் அதிகமுள்ள மாறிக்கே தொகையில் பெரிய பங்கு போகிறது, அதுவும் பரவற்படிகளின் விகிதத்தில். இரைச்சல் கலந்த அளவீட்டிலிருந்து உண்மை மதிப்பை மதிப்பிடும் கால்மன் வடிகட்டியின் மையச் சூத்திரமும் இதே பங்கீடுதான்: X உண்மை மதிப்பு, Y இரைச்சல், Z கையில் கிடைத்த அளவீடு. ஒரு நிரூபணத்தை எழுதப் போய் இதுவும் கூடவே கிடைக்கிறது. மற்ற இரண்டு வழிகளில் இதைத் தனியாகத்தான் தேடிப் போக வேண்டும்.

பரவளையத்தின் வடிவம் மாறாதது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அது நடக்காத ஓர் இடத்தைப் பார்த்தால் புரியும். e^(−|x|)/2 என்ற லாப்லாஸ் அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். இப்போது அடுக்கில் உள்ளது |x| + |z − x|. இதன் மிகச்சிறிய மதிப்பு |z|. ஆனால் அதை ஒரு புள்ளியில் மட்டும் அடைவதில்லை. 0-க்கும் z-க்கும் இடையே முழுக்கத் தட்டையாகக் கிடக்கிறது. z பெரிதானால் அந்தத் தட்டைப் பகுதியும் நீள்கிறது. அதனால் e^(−|z|)-ஐ வெளியே எடுத்த பிறகு தொகையீட்டில் மிஞ்சுவது மாறிலி இல்லை, |z| + 1. விடை:

h(z) = (1 + |z|) e^(−|z|) / 4

முன்னால் ஒட்டிக்கொண்ட (1 + |z|) காரணமாக இது லாப்லாஸ் அடர்த்தியே இல்லை. 0-இல் இருந்த கூர்முனைகூட மழுங்கிவிடுகிறது. இயல்நிலை தப்பிப்பதன் ரகசியம், இருபடிக் கோவையை நகர்த்தினாலும் அதன் வளைவு மாறாது என்பதுதான்.

சரி, சிறப்பியல்புச் சார்பு வழிக்கு வருவோம். ஒரு மாறி X-க்கு e^(itX)-இன் சராசரியை t-இன் சார்பாகப் பார்ப்பதுதான் சிறப்பியல்புச் சார்பு. இயல்நிலை மாறிக்கு இது e^(iμt − σ²t²/2). சாராத மாறிகளைக் கூட்டினால் சிறப்பியல்புச் சார்புகள் பெருக்கப்படும். பெருக்கினால் அடுக்குகள் கூடும். μ-க்கள் கூடும், σ²-கள் கூடும். ஒரே வரி. பார்க்க இதைவிட மலிவான நிரூபணம் இல்லை.

ஆனால் விலையை வேறு இடத்தில் கட்டியிருக்கிறோம். e^(iμt − σ²t²/2) எங்கிருந்து வந்தது? அதைக் கணக்கிடவும் ஒரு வர்க்கப் பூர்த்தி வேண்டும், இம்முறை கலப்பெண்களோடு. அல்லது ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அப்புறம், ஒரே சிறப்பியல்புச் சார்பு இருந்தால் ஒரே பரவல்தான் என்ற தனித்தன்மைத் தேற்றம் தேவை. முழு எடையும் அதன் மேல்தான் நிற்கிறது, அதை நிரூபிப்பது இந்தக் கணக்கைவிடக் கடினம். முதல்முறை கற்பவரிடம் இதைச் சொன்னால், அவர் நம்புவது நிரூபணத்தை அல்ல, சொல்பவரை.

இருந்தாலும் சில இடங்களில் இதை விட்டால் வேறு வழியில்லை, அல்லது மற்ற வழிகள் அநியாயத்துக்கு நீளம். ஒரு மாறியின் பரவற்படி 0 என்றால் அதற்கு அடர்த்திச் சார்பே கிடையாது, கன்வல்யூஷன் தொகையீட்டை எழுதவே முடியாது. சிறப்பியல்புச் சார்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோஷி பரவலும் கூட்டலில் தன் வடிவத்தை இழப்பதில்லை. ஆனால் அதைக் கன்வல்யூஷனில் காட்டப் பகுதிப் பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். சிறப்பியல்புச் சார்பு e^(−|t|) என்று தெரிந்தால் பெருக்கினால் முடிந்தது. எதிர்த்திசைக் கேள்வியும் உண்டு: சாராத இரண்டு மாறிகளின் கூட்டுத்தொகை இயல்நிலை என்றால் அந்த இரண்டும் இயல்நிலையாகத்தான் இருக்க வேண்டுமா? ஆம் என்று ஹரால்ட் கிராமர் 1936-இல் நிரூபித்தார். அவர் கருவி கலப்பெண் தளத்துக்கு நீட்டப்பட்ட சிறப்பியல்புச் சார்புதான். நம் பரவளையம் அங்கே உதவாது, ஏனென்றால் X, Y-இன் அடர்த்திகள் என்னவென்றே அங்கே தெரியாது.

நூறு மாறிகளைக் கூட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த வழிக்குத் தாவ வேண்டியதில்லை. இரண்டைக் கூட்டினால் இயல்நிலை என்று தெரிந்துவிட்டால் மூன்றாவதை அதோடு கூட்டலாம், அப்படியே போகலாம்.

மூன்றாவது வழி மிக அழகானது, மிகக் குறுகியதும்கூட. X = aU, Y = bV என்று எழுதுவோம்; U, V இரண்டும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 கொண்ட சாராத இயல்நிலை மாறிகள். (U, V) என்ற புள்ளியின் அடர்த்தி u² + v²-ஐ மட்டுமே சார்ந்தது. அதாவது ஆதியிலிருந்து உள்ள தூரம் மட்டுமே முக்கியம், திசை முக்கியமில்லை. aU + bV ≤ z என்பது தளத்தை ஒரு நேர்கோட்டால் வெட்டிய பாதி. அந்தக் கோடு ஆதியிலிருந்து |z|/s தூரத்தில் இருக்கிறது. தளத்தைச் சுழற்றி அந்தக் கோட்டை நிமிர்த்தி வைத்தால் அது U ≤ z/s என்ற பாதியாகிவிடும். சுழற்றினாலும் அடர்த்தி மாறாது. எனவே Z-இன் பரவலும் sU-இன் பரவலும் ஒன்றே. தொகையீடு இல்லை, வர்க்கப் பூர்த்தி இல்லை. திட்ட விலக்கங்கள் ஏன் பிதாகரஸ் மாதிரிக் கூடுகின்றன, 3-ம் 4-ம் சேர்ந்து ஏன் 7 ஆகாமல் 5 ஆகின்றன என்பதும் படத்திலேயே தெரிகிறது.

இவ்வளவு நன்றாக இருந்தும் இதை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? வட்டச் சமச்சீர் இல்லாத எதற்கும் இது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. லாப்லாஸை இதனிடம் கொடுத்தால் கை விரித்துவிடும். கன்வல்யூஷன் என்றால் விடை இயல்நிலையாக இல்லாவிட்டாலும் எது விடை என்று சொல்லிவிடுகிறது. பத்து நிமிடம்தான் இருக்கிறது, கேட்பவருக்கு இரு மாறிகளின் இணைந்த அடர்த்தி பழக்கம் என்றால் சுழற்சியையே எடுங்கள். ஒரு மணி நேரம் இருந்தால் பரவளையத்தை முடித்துவிட்டு, இதைக் கடைசியில் படமாகக் காட்டுங்கள்.

மூன்று வழிகளிலும் சாராமை தேவைப்பட்டது. அதைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதில் பலர் ஏமாறுவார்கள். ஒட்டுறவு சுழியமாக இருந்தால் போதும் என்று நினைப்பது வழக்கம். போதாது. X ஒரு திட்ட இயல்நிலை மாறி. ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் Y = X, பூ விழுந்தால் Y = −X என்று வைப்போம். Y-யும் திட்ட இயல்நிலைதான். X-க்கும் Y-க்கும் ஒட்டுறவு 0. ஆனால் பூ விழும் பாதி நேரத்தில் X + Y = 0. ஒரே புள்ளியில் 0.5 நிகழ்தகவு குவிந்திருக்கும் பரவல் இயல்நிலையாக இருக்க முடியாது. இங்கே (X, Y) இரண்டு நேர்கோடுகளின் மேல் மட்டுமே விழுகிறது. தளத்தில் அதற்கு அடர்த்தியே இல்லை. f(x) g(z − x) என்று எழுதிய முதல் படியிலேயே கணக்கு தவறிவிடும்.

X, Y இரண்டும் சார்ந்திருந்தும் சேர்ந்தே இருமாறி இயல்நிலைப் பரவலில் இருந்தால் கதை வேறு. ஒட்டுறவுக் கெழு ρ, −1-க்கும் 1-க்கும் இடையில். அப்போது f(x) g(z − x) என்ற பெருக்கலுக்குப் பதிலாக இணைந்த அடர்த்தியில் y-க்கு z − x-ஐப் போட்டுத் தொகையிட வேண்டும். அடுக்கில் இப்போதும் இருப்பது x-இல் ஓர் இருபடிக் கோவைதான், அதன் x² கெழுவில் இப்போதும் z கிடையாது. பரவளையம் நகர்கிறது, ஏறுகிறது, வடிவம் மாறவில்லை. எனவே Z இயல்நிலை. பரவற்படி a² + b² + 2ρab. நம் 3, 4-க்கு ρ = −0.5 என்றால் 25-க்குப் பதில் 13.